குடித்ததாலா, கண்விழித்ததாலா? ஒற்றைத் தலைவலிக்கு ஒரு காலண்டர் கணக்கு

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் மருந்துக் கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் நாலு பேர் நிற்பார்கள். எல்லோருக்கும் தலைவலி மாத்திரைதான் வேண்டும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது அன்றோடு போய்விடும். ஒன்றிரண்டு பேர் மட்டும் வேறு மாதிரி இருப்பார்கள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையால் பொட்டை அழுத்தியபடி, கடையின் டியூப்லைட்டைப் பார்க்காமல் திரும்பி நின்று கேட்பார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒன்றிரண்டு பேருக்கு.

என் அத்தான் அவர்களில் ஒருவர். நீடாமங்கலம் பக்கம் விவசாயம். இருபது வயதிலிருந்து ஒற்றைத் தலைவலி. "பிராந்தி தொட்டா மறுநாள் தலை பிளக்குது" என்பார் அவர். "குடிச்சா வரத்தான் செய்யும்" என்பாள் அக்கா. அவருடைய அம்மாவோ "அமாவாசைக்கு அமாவாசை வருது" என்பார். மூன்று பேருமே ஞாபகத்தை வைத்துப் பேசினார்கள். ஞாபகத்தில் ஒரு கோளாறு உண்டு: குடித்து வலி வந்த நாள் பத்து வருடம் நிற்கும், குடித்தும் ஒன்றும் ஆகாத நாள் மறுவாரமே மறந்துபோகும்.

இது அத்தான் வீட்டுக் கதை மட்டும் இல்லை. நெதர்லாந்தில் மைக்ரேன் என்கிற இந்த ஒற்றைத் தலைவலி உள்ள 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் மதுதான் தங்கள் வலியைக் கிளப்புகிறது என்றார்கள். அதிகம் பேர் கைகாட்டியது சிவப்பு ஒயினை. ஆனால் அந்த ஒயினைக் குடிக்கும்போதெல்லாம் தவறாமல் வலி வருகிறது என்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அதாவது, மது சிலருக்கு, சில நாட்களில், வேறு எதனுடனோ சேர்ந்தால்தான் வேலையைக் காட்டுகிறது என்று தோன்றுகிறது. அந்த 'வேறு எது' என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாது. ஒரு காலண்டரும் பேனாவும் 12 வாரமும் வேண்டும்.

முதலில், இது மைக்ரேன்தானா?

நிறையக் குடித்தால் மைக்ரேன் இல்லாதவருக்கும் மறுநாள் தலை வலிக்கும். மைக்ரேன் என்றால் சில அடையாளங்கள் சேர்ந்து இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம், விண்விண் என்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், வேலை செய்ய விடாது. கூடவே குமட்டல், அல்லது வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது. மாத்திரை போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரை நீடிக்கும். குடிக்காத நாளிலும் இதே மாதிரி வந்திருக்க வேண்டும். உங்களுக்கு வலி குடித்த மறுநாள் மட்டுமே, அதுவும் நிறையக் குடித்தால் மட்டுமே வருகிறது என்றால், அதற்கு டைரி தேவையில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

காலண்டரும் 'நாள்' என்ற கணக்கும்

வருடப் பிறப்புக்கு மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கொடுக்கும் மாதக் காலண்டரே போதும். கட்டம் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் முகூர்த்த நாளும் அமாவாசையும் ஏற்கெனவே அச்சாகி இருப்பது நமக்குக் கூடுதல் வசதி. நம் ஊரில் இரவு வெகுநேரம் விழித்திருப்பதற்கும் சாப்பாடு தள்ளிப்போவதற்கும் அவைதான் பாதிக் காரணம்.

எல்லோரும் தப்பு செய்யும் இடம் ஒன்று உண்டு. இரவு 9 மணிக்குக் குடிக்கிறார், காலை 6 மணிக்கு வலி வருகிறது. குடித்தது 9-ம் தேதிக் கட்டத்திலும் வலி 10-ம் தேதிக் கட்டத்திலும் போய் உட்காரும். மாதக் கடைசியில் எண்ணும்போது இரண்டுக்கும் தொடர்பே தெரியாது. அதனால் உங்கள் 'நாள்' நண்பகல் 12-க்குத் தொடங்கி மறுநாள் நண்பகல் 12-க்கு முடியட்டும். (டாஸ்மாக் கதவு திறப்பதும் 12 மணிக்குத்தான்.) மதுவால் வரும் தலைவலி, குடித்த 3 மணி நேரத்துக்குள் வரலாம், அல்லது இடைவெளி விட்டு 5 முதல் 12 மணி நேரத்தில் வரலாம். முன்சொன்ன ஆய்விலும் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு 10 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கியிருக்கிறது. இரவில் குடிப்பவருக்கு இந்த இரண்டு வகையும் நண்பகல் கணக்கில் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். பகலில் குடிக்கிற பழக்கம் இருந்தால் மணியைத் தவறாமல் எழுதி, 12 மணி நேரத்தை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன எழுதுவது

ஐந்தே விஷயம். அதற்கு மேல் போனால் பத்தாம் நாள் பேனாவைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

குடித்தது: என்ன, எவ்வளவு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. சாப்பாடு: குடிப்பதற்கு முன்னா, பின்னா, இல்லவே இல்லையா. தூக்கம்: எத்தனை மணி நேரம். வலி: தொடங்கிய மணி, எந்தப் பக்கம், பத்துக்கு எத்தனை, எப்போது விட்டது. மாத்திரை: எது, எத்தனை.

பெண்களாக இருந்தால் மாதவிடாய் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் வரும் வலி தனிக் கணக்கு.

அத்தானின் ஒரு கட்டம் இப்படி இருந்தது:

"கு 1, இரவு 9.15–11. சா 11.30. தூ 4½. த காலை 5.40, இடது, 7. வாந்தி. மா 1 (7 மணி). மாலை 4-க்கு விட்டது."

கு என்றால் குவார்ட்டர், சா சாப்பாடு, தூ தூக்கம், த தலைவலி, மா மாத்திரை. எழுத அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்றும் நடக்காத நாளிலும் "தூ 7" என்றாவது எழுத வேண்டும். இந்தக் கணக்கின் உயிரே வலி இல்லாத நாட்களில்தான் இருக்கிறது. வலி வந்த நாளை மட்டும் எழுதிய டைரியை வைத்து எதையுமே சொல்ல முடியாது.

ஆறாவதாக ஒன்றை, இருந்தால் மட்டும், எழுதுங்கள்: குடிக்கத் தொடங்கும் முன்பே கழுத்து இறுக்கம், ஓயாத கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல் இருந்ததா? மைக்ரேன் சிலருக்கு வலிக்கு ஒருநாள், இரண்டு நாள் முன்பே இப்படித் தொடங்கிவிடும். 'உடம்பே அலுப்பா இருக்கு' என்று அந்த மாலையில் ஒருவர் கட்டிங் போடுகிறார், காலையில் வலி வருகிறது, பழி கட்டிங் மேல் விழுகிறது. உண்மையில் வலிதான் முதலில் கிளம்பியது. அப்படிப்பட்ட கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், எண்ணும்போது உதவும்.

அளவு: பாட்டிலை அல்ல, கிராமை எண்ணுங்கள்

"பிராந்தின்னாதான் வலிக்குது, பீருக்கு ஒண்ணும் ஆகலை" என்பது கடையில் அடிக்கடி கேட்கிற வசனம். எதிர்மாறாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நம்புவதற்கு முன் உள்ளே போன ஆல்கஹாலைச் சமமாக்கிப் பார்க்க வேண்டும். இங்கே விற்கும் பிராந்தி, ரம், விஸ்கி லேபிளில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று இருக்கும். கணக்கு இது: மில்லியை சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வந்ததை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். குவார்ட்டர், அதாவது 180 மில்லி, கிட்டத்தட்ட 60 கிராம். கட்டிங் 30. 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டில் ஒன்று 26. அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 41. 'லைட்டா பீர் மட்டும்' என்று ஒரு ஸ்ட்ராங் பாட்டில் குடித்தவர், கட்டிங் போட்டவரைவிட அதிகம் குடித்திருக்கிறார்.

காரைக்கால் போய்க் கள் குடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. இறக்கிய நேரத்தைப் பொறுத்தே கள்ளின் வீரியம் மாறும். எத்தனை டம்ளர், எத்தனை மணி என்று மட்டும் எழுதுங்கள்.

சுவரிலிருந்து சட்டைப் பைக்கு

முதல் இரண்டு வாரம் அத்தானின் காலண்டர் அக்காவின் சமையலறைச் சுவரில் தொங்கியது. கட்டங்களைப் பார்த்தால் மனிதர் காந்தியவாதி. அந்தக் கட்டங்களில் ஒன்றில் "க 1", அதாவது ஒரு கட்டிங் என்று இருந்தது. அன்று ராத்திரி அவருடன் உட்கார்ந்திருந்தவனே நான்தான், அது குவார்ட்டருக்கும் மேல். மனைவி பார்க்கும் இடத்தில் இருக்கும் டைரியில் உண்மை இருக்காது. அதன் பிறகு அவர் ஒரு சின்னப் பாக்கெட் நோட்டுக்கு மாறினார், அக்கா அதைத் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். அந்த முதல் இரண்டு வாரத்தை அடித்துவிட்டு, செப்டம்பர் 15-ல் புதிதாகத் தொடங்கினோம். டிசம்பர் 7 வரை 84 நாள்.

நான்கு கட்டம் போடுவது

முடிந்ததும் முதலில் இரண்டே கட்டமாகப் பிரித்தோம். குடித்த நாள் 16, அதில் 6-ல் வலி. குடிக்காத நாள் 68, அதில் 5-ல் வலி. ஒரு பக்கம் மூன்றுக்கு ஒன்றுக்கும் மேல், மறுபக்கம் பதினாலுக்கு ஒன்று. "நான் சொல்லலை?" என்றாள் அக்கா. இங்கே நிறுத்தியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும்.

ஆனால் குடிக்காமல் வந்த அந்த 5 வலியில் 4, அக்டோபர் முதல் பாதிக்குள் குவிந்து கிடந்தன. அது புரட்டாசி. அத்தான் அந்த மாதம் கவிச்சியும் தொடமாட்டார், குடியும் தொடமாட்டார். அதே சமயம் குறுவை அறுவடை. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, மழை வந்தால் தார்ப்பாய் போடுவதற்காகக் குவியலுக்குப் பக்கத்திலேயே இரவு காத்துக் கிடப்பார். அந்தக் கட்டங்களில் எல்லாம் "தூ 3", "தூ 3½", "தூ 4" என்று இருந்தது. ஒரு சொட்டுகூட இல்லாமல் வந்த வலி அது.

சரி என்று தூக்கத்தையும் சேர்த்துப் பிரித்தோம். 5 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம் என்பது கோடு.

| | நாட்கள் | வலி வந்தவை |
|---|---|---|
| குடித்தார், தூக்கமும் இல்லை | 7 | 5 |
| குடித்தார், நன்றாகத் தூங்கினார் | 9 | 1 |
| குடிக்கவில்லை, தூக்கம் இல்லை | 10 | 4 |
| குடிக்கவில்லை, நன்றாகத் தூங்கினார் | 58 | 1 |

இப்போது படம் வேறு. நன்றாகத் தூங்கிய இரவுகளில் குடி பெரிதாக எதையும் கிளப்பவில்லை. தூக்கம் கெட்ட இரவுகளில் குடிக்காமலே வலி வந்தது, குடித்தால் இன்னும் அடிக்கடி வந்தது. அமாவாசைப் புகாரையும் விட்டுவைக்கவில்லை. 84 நாளில் வந்த மூன்று அமாவாசையில் ஒன்றில்தான் வலி. அன்று படையல் முடிந்து மதியம் 2 மணிக்குத்தான் முதல் சாப்பாடு, முந்தைய இரவோ நெல் குவியலுக்குப் பக்கத்தில்.

இதை வைத்து 'அப்போ குடி நல்லவன்' என்று அத்தான் கிளம்பினார். அதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எண்கள் சின்னவை. 7-க்கு 5, 10-க்கு 4 என்பதில் ஓரிரு வலி இடம் மாறினாலே வித்தியாசம் கரைந்துவிடும். இரண்டு, கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அளவு. நன்றாகத் தூங்கிய 9 நாளில் பெரும்பாலும் ஒரு கட்டிங், தூக்கம் கெட்ட 7 நாளில் எல்லாமே கல்யாணம், தீபாவளி, குவார்ட்டரும் அதற்கு மேலும். அதனால் கெடுத்தது தூக்கமா, அளவா என்று இந்த 84 நாளை வைத்து முழுதாகப் பிரிக்க முடியாது. மூன்று, குடியே தூக்கத்தைக் கெடுக்கும். படுத்ததும் தூக்கிப் போட்டாற்போல் தூங்கிவிடுவார், பின்னிரவில் விழிப்பு வந்துவிடும். "தூ 4½" என்று எழுதியதில் எவ்வளவு கல்யாண வீட்டுக் கச்சேரியால், எவ்வளவு பிராந்தியால் என்று நோட்டுக்குத் தெரியாது.

உங்கள் நோட்டில் தூக்கத்துக்குப் பதில் சாப்பாடு அந்தக் கோடாக இருக்கலாம், வெறும் வயிற்றில் குடித்ததா, சாப்பிட்டுவிட்டா என்று. வெயிலில் அலைந்த நாளாகவும் இருக்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் பிரியுங்கள். நாலையும் சேர்த்துப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நாள்தான் மிஞ்சும்.

நிறுத்திப் பார்ப்பது

பிரித்துப் பார்த்ததில் வந்தது சந்தேகம்தான். அதைச் சோதிக்க ஒரே நல்ல வழி, சந்தேகப்பட்டதை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது. சோதனைக்காக யாரும் குடிக்க வேண்டாம், நிறுத்துவதே சோதனை. 4 முதல் 6 வாரம் போதும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்கி ஒரு பெக் போட்டால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இந்தச் சோதனையைத் தானாகச் செய்யக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் உண்மையான அளவைச் சொல்லி, அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அத்தான் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் குடிப்பவர், அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தை பிறந்ததும் 6 வாரம் நிறுத்தினார். அது சம்பா அறுவடை, மறுபடியும் கொள்முதல் நிலையத்து இரவுகள். 42 நாளில் அப்படி 8 இரவு, அவற்றில் 2 வலி. மற்ற 34 நாளில் ஒன்றுமில்லை. 84 நாளுக்கு 11 என்று இருந்தது, அதில் பாதியான 42 நாளுக்கு 2 ஆகியிருக்கிறது. குடியை எடுத்ததில் கல்யாண வீட்டு வலி மொத்தமாகப் போனது, குவியல் காத்த வலி மட்டும் மிஞ்சியது. அதற்கு மருந்து தார்ப்பாயைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள். அடுத்த குறுவைக்குப் பக்கத்து வயல்காரரோடு முறை வைத்துக்கொண்டார், ஒருநாள் அவர், ஒருநாள் இவர்.

உங்கள் சோதனையில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், மது உங்கள் வலியைக் கிளப்பும் காரணம் அல்ல என்று ஓரளவு சொல்லலாம். ஈரலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

மாத்திரை வரிசை

கடைக்காரனாக நான் முதலில் பார்ப்பது டைரியில் இந்த வரியைத்தான். பாராசிட்டமால், இபுப்ரொஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் மேலாகப் போட்டால், மாத்திரையே தலைவலியைத் தினசரி ஆக்கிவிடும். அப்படிப்பட்டவரின் டைரியில் மதுவின் தடம் தெரியவே தெரியாது. முதலில் மாத்திரையைத்தான் டாக்டரோடு பேசிச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, குடித்த இரவே 'காலைல வலி வராம இருக்க' என்று மாத்திரை போட்டுப் படுக்கும் பழக்கம். இபுப்ரொஃபெனும் ஆஸ்பிரினும் மதுவோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம். பாராசிட்டமால், வழக்கமாக அதிகம் குடிப்பவரின் ஈரலைப் பதம் பார்க்கும். நான் அந்த நேரத்தில் விற்பதில்லை, திட்டிக்கொண்டே அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய நேரம்

இடி விழுந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி. ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. போதையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, அதன் பிறகு நாளுக்கு நாள் கூடும் வலி, அது இரண்டு வாரம் கழித்து வந்தாலும்கூட. இவற்றில் எதுவானாலும் 108. போதையில் இருப்பவருக்குப் பேச்சுக் குழறினால் 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று விட்டுவிடுவார்கள், அதுதான் பயம்.

கள்ளச்சாராயம் குடித்துச் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைவலியோடு பார்வை மங்கினால், வயிறு வலித்து வாந்தி வந்தால், மூச்சு வாங்கினால், அது மெத்தனாலாக இருக்கலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். பார்வை தெளியுமா என்று காத்திருக்க அங்கே நேரம் கிடையாது, கூடக் குடித்தவர்களையும் வலி இல்லாவிட்டாலும் கூட்டிப்போக வேண்டும்.

மற்றபடி, மாதத்துக்கு நாலு முறைக்கு மேல் வலி வந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். வலியைத் தடுக்கத் தினசரி மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். 84 பக்கத்தையும் புரட்ட அவருக்கு நேரம் இருக்காது. அத்தான் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனது மூன்று வரி: "84 நாளில் 11 வலி, எல்லாம் இடது பக்கம், பெரும்பாலும் விடியற்காலை. 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய 17 இரவில் 9. குடி நிறுத்திய 6 வாரத்தில் 2." டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எங்க படுக்கிறீங்க?"